ஒரே ஃபிட்டிங்கில் பல்பு திரும்பத் திரும்ப ஃபியூஸ் போவதற்கான காரணத்தைப் பிரித்தறிதல்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் மற்ற விளக்குகள் எல்லாம் நன்றாக எரியும்போது ஒரு ஃபிட்டிங்கில் மட்டும் பல்பு சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தால், பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்: ஹோல்டரில் தொடர்பு தளர்ந்திருத்தல், மின்னழுத்தம் அதிகமாக இருத்தல், பல்பைச் சுற்றி வெப்பம் தேங்குதல். இம்மூன்றையும் ஹோல்டர், மின்னழுத்தம், வெப்பம் என்ற இதே வரிசையில் சோதிக்க வேண்டும். தளர்ந்த தொடர்பு தானே வெப்பத்தை உண்டாக்கக்கூடியது. மின்னழுத்தம் கூடினாலும் பல பல்புகள் கூடுதலாகச் சூடாகும். எனவே முதல் இரண்டையும் தீர்க்காமல் வெப்பத்தை அளந்தால், அந்த அளவு எதைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது.

புதிதாக இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் ஹோல்டரை மாற்றி, வேறு நிறுவனத்தின் பல்பை வாங்கிப் போட்டு, கண்ணாடி மூடியையும் கழற்றிவிடுகிறார்கள். அதன்பின் பல்பு நீடித்தாலும் எது காரணம் என்று தெரியாது. நீடிக்காவிட்டாலும் எதை நீக்கிவிட்டோம் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

1. கையில் இருக்க வேண்டியவை

மாறுதிசை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர், காப்பிடப்பட்ட கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவர், ஆடாத ஏணி, டார்ச், உலர்ந்த மெல்லிய மரக்குச்சி, அழியாத மையுள்ள மார்க்கர், ஒரே தயாரிப்பில் ஒரே வாட்டில் இரண்டு புதிய பல்புகள், ஒரு புதிய ஹோல்டர் ஆகியவை வேண்டும். மல்டிமீட்டர் கேட் 3, 600 வோல்ட் என்ற பாதுகாப்புத் தரம் அச்சிடப்பட்டதாக இருப்பது நல்லது. வெப்பத்தை அளக்கும் கம்பி உணரி மீட்டருடன் வந்திருந்தால் கடைசிக் கட்டத்தில் பயன்படும்.

போன பல்புகளைத் தூக்கி எறிய வேண்டாம். இந்த வேலையில் அவற்றைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

2. பல்பு உண்மையிலேயே சீக்கிரம் போகிறதா என்று கணக்கிடுங்கள்

பழைய இழை பல்பின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 1000 மணி நேரம். இரவு முழுவதும், அதாவது நாளொன்றுக்கு 11 மணி நேரம் எரியும் இடத்தில் அது மூன்று மாதத்தில் போனால் அது பழுது அல்ல, இயல்பான முடிவு. அதே இடத்தில் 15,000 மணி நேரம் என்று அச்சிட்ட எல்.இ.டி. பல்பு நான்கு மாதத்தில் போனால், ஏறக்குறைய 1300 மணி நேரத்திலேயே அது போயிருக்கிறது. இங்கே தேட வேண்டிய பழுது நிச்சயம் உண்டு.

ஆகவே புதிய பல்பைப் போடும்போதே அதன் கழுத்தில் தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். நினைவை நம்பிச் சொல்லப்படும் "இப்போதுதான் மாற்றினேன்" என்பது பல நேரங்களில் ஆறேழு மாதமாக இருக்கும்.

வாங்கிய இரண்டு பல்புகளில் ஒன்றைப் பழுதான ஃபிட்டிங்கிலும், மற்றொன்றை ஏறக்குறைய அதே நேரம் எரியும் வேறொரு திறந்த ஃபிட்டிங்கிலும் முதல் நாளே போட்டுவிடுங்கள். இது மெதுவான சோதனை. பின்வரும் படிகளைச் செய்துகொண்டிருக்கும்போதே அது பின்னணியில் நடக்கும். இரண்டும் சமமாகச் சீக்கிரம் போனால் பல்பின் தரமோ மின்னழுத்தமோ காரணம். ஒன்று மட்டும் போனால் காரணம் ஃபிட்டிங்கிலேயே இருக்கிறது.

3. போன பல்பைப் படியுங்கள்

முதலில், போய்விட்டதாகக் கருதும் பல்பை வேறொரு நல்ல ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே அது எரிந்தால் பல்பு போகவே இல்லை. ஹோல்டரில்தான் தொடர்பு விட்டிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நல்ல பல்புகளைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம். புதிய பல்பைத் திருகும்போது தொடர்பு தற்காலிகமாகச் சேர்ந்துகொள்வதால், பழைய பல்புதான் கெட்டது என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது.

அடுத்து பல்பின் அடிப்பகுதியில், மின்சாரம் நுழையும் ஈயப்புள்ளிகளைப் பாருங்கள். அவை சீராகத் தேய்ந்திருப்பது இயல்பு. ஒரு புள்ளியில் மட்டும் கறுப்புக் குழி, உருகி வழிந்த ஈயம் அல்லது கரிப்படலம் இருந்தால், அந்த இடத்தில் பொறி பறந்திருக்கிறது என்று பொருள்.

கழுத்துப் பகுதியின் நிறமும் பேசும். ஒரு பக்கம் மட்டும், குறிப்பாக ஒரு தொடர்புப் புள்ளியின் அருகில் மட்டும், பழுப்பேறியிருந்தால் தளர்ந்த தொடர்பை ஐயுறுங்கள். சுற்றிலும் ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அது தேங்கிய வெப்பத்தின் அடையாளம்.

இழை பல்பாக இருந்து, கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தால் இழை நெடுநேரம் எரிந்தோ, அளவுக்கு மீறிச் சூடாகியோ ஆவியாகியிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் அதிர்வைக் கவனியுங்கள். மேல்மாடியில் நடக்கும்போதோ, அறைந்து சாத்தும் கதவாலோ ஃபிட்டிங் அதிரக்கூடும். உட்புறம் வெண்தூள் படிந்திருந்தால் பல்புக்குள் காற்று புகுந்துவிட்டது. அது அந்தப் பல்பின் குறை மட்டுமே.

எல்.இ.டி. பல்பாக இருந்தால், கழற்றிச் சில மணி நேரம் கழித்து மேல்மூடியை நெம்பித் திறக்கலாம். மஞ்சள் சில்லுகளில் ஒன்றின் நடுவே கரும்புள்ளி இருந்தால் அந்தச் சில்லு மிகுந்த வெப்பத்தாலோ மிகுந்த மின்னோட்டத்தாலோ கருகியிருக்கிறது. சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலே முழுப் பல்பும் அணைந்துவிடும். உள்ளே உருளை வடிவக் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தால் நேர்ந்தது. திறந்த பல்பை மறுபடி ஹோல்டரில் போட்டு எரிய வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் பலகை நேரடியாக மின்கம்பியோடு தொடர்புடையதாக இருக்கலாம்.

4. மின்சாரத்தைத் துண்டித்து, துண்டித்ததை உறுதி செய்யுங்கள்

சுவர் ஸ்விட்சை அணைப்பது போதாது. சில வீடுகளில் ஸ்விட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் வந்துகொண்டேயிருக்கும். அந்த விளக்குக்கான எம்.சி.பி.யை இறக்குங்கள், எது என்று தெரியாவிட்டால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். நீங்கள் ஏணியில் இருக்கும்போது வேறு யாரும் அதை ஏற்றிவிடாதபடி ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹோல்டரின் இரு முனைகளுக்கிடையிலும், ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளவிடுங்கள். மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டர் கெட்டுப்போனாலும் இந்த மூன்றாம் அளவு காட்டிக்கொடுத்துவிடும். நியான் விளக்குள்ள டெஸ்டரை மட்டும் நம்பி மின்சாரம் இல்லை என்று முடிவுக்கு வர வேண்டாம். உயரத்தில், காப்பான ஏணியில் நிற்கும்போது அது மங்கலாகவோ எரியாமலோ இருக்கலாம்.

5. ஹோல்டரைச் சோதியுங்கள்

இங்கே மிக அதிகமாக நிகழும் தவறு, காலி ஹோல்டரில் மீட்டரை வைத்து 230 வோல்ட் வருவதைப் பார்த்துவிட்டு "ஹோல்டர் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்வது. மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஆகவே ஒரு நூலிழை அளவு தொட்டுக்கொண்டிருக்கும் தளர்ந்த இணைப்பிலும் அது முழு மின்னழுத்தத்தைக் காட்டும். பழுது, பல்பு மின்னோட்டம் இழுக்கும்போதுதான் வெளிப்படும். அதனால் ஹோல்டரைக் கண்ணாலும் கையாலும்தான் சோதிக்க வேண்டும்.

தளர்ந்த தொடர்பு இழை பல்பையும் எல்.இ.டி.யையும் வெவ்வேறு விதமாகக் கெடுக்கிறது. அதிக வாட் இழை பல்பு கணிசமான மின்னோட்டம் எடுப்பதால் தளர்ந்த இடத்தில் பொறியும் சூடும் உண்டாகி, ஹோல்டரே கருகத் தொடங்கும். ஒவ்வொரு முறை தொடர்பு விட்டுச் சேரும்போதும் குளிர்ந்த இழைக்குள் பாயும் மிகையான மின்னோட்டம் இழையின் மெலிந்த இடத்தை அறுக்கும். எல்.இ.டி. எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. அங்கே ஹோல்டர் கருகாமலே இருக்கலாம். ஆனால் தொடர்பு சேரும் ஒவ்வொரு கணமும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் திடீரென்று நிரம்புவதால் குறுகிய, கூர்மையான மின்னோட்டம் பாய்ந்து, உட்சுற்றையும் ஈயப்புள்ளியையும் சிறிது சிறிதாகச் சிதைக்கும். எனவே எல்.இ.டி. போட்ட ஹோல்டரில் கருகல் இல்லை என்பதால் மட்டும் அதை நல்லது என்று ஏற்றுக்கொள்ளக்கூடாது. மின்னுதல், மெல்லிய இரைச்சல், கதவு சாத்தினால் ஒரு கணம் கண் சிமிட்டுதல் ஆகியவையே அங்கு அடையாளங்கள்.

பின் வகை ஹோல்டரில் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் இரண்டு பித்தளை முனைகள் இருக்கும். மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் அழுத்தி விடுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் நின்று, ஒரே வேகத்தில் துள்ளி எழ வேண்டும். ஒன்று தாழ்ந்து நின்றாலோ, சோம்பலாக எழுந்தாலோ, கறுத்திருந்தாலோ ஹோல்டரை மாற்றிவிடுங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது தற்காலிக ஏமாற்று. மேற்பூச்சு போய்விடுவதால் உலோகம் முன்பைவிட விரைவில் கறுக்கும், தளர்ந்த ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கும்.

திருகு வகை ஹோல்டரில் அடியில் உள்ள தகட்டு நாக்கைப் பாருங்கள். பல்பை மிகவும் இறுக்கித் திருகுவதால் அது அமுங்கிப்போய், அடுத்த பல்பின் நுனியை முழுமையாகத் தொடாமல் இருக்கும். நாக்கில் இன்னும் துள்ளல் இருந்தால் மரக்குச்சியால் சிறிது உயர்த்தலாம். துள்ளல் இல்லாமல் வளைந்தபடியே நின்றால் மாற்ற வேண்டியதுதான். பல்பு உட்கார்ந்தபின் சிறிது மட்டுமே இறுக்குங்கள்.

அடுத்து கம்பி இணைப்புகள். ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள், அசையவே கூடாது. அசைந்தால் திருகை மட்டும் இறுக்கிவிட்டு முடித்துவிடாதீர்கள். கறுத்த செம்பின் மேல் இறுக்கிய திருகு சில வாரங்களில் மீண்டும் தளரும். கறுத்த பகுதியையும், விறைத்து நொறுங்கும் காப்புறையையும் நறுக்கிவிட்டு, பளபளக்கும் புதிய செம்பை வெளிக்கொணர்ந்து திருகின் அடியில் முழுமையாகச் செலுத்துங்கள். காப்புறை திருகின் அடியில் சிக்கினால் இறுகியது போலத் தோன்றும், தொடர்பு இருக்காது. திருகு வகை ஹோல்டரில் ஃபேஸ் கம்பி நடு நாக்குக்கும் நியூட்ரல் வெளிப்புறத் திருகுக்கூட்டுக்கும் செல்ல வேண்டும். மாறியிருந்தால் பல்பை மாற்றும்போது தொடக்கூடிய பகுதியில் மின்சாரம் இருக்கும்.

ஹோல்டரோடு நின்றுவிடாமல், அதே பாதையில் உள்ள சீலிங் ரோஸ், கனெக்டர், ஸ்விட்ச் ஆகியவற்றையும் திறந்து பாருங்கள். ஸ்விட்சுக்குள் தளர்ந்த திருகும் பல்புக்கு அதே தீங்கைத்தான் செய்யும்.

வேலை முடிந்து மின்சாரத்தை ஏற்றியபின், விளக்கை எரியவிட்டு ஃபிட்டிங்கின் வெளிப்புறத்தை உலர்ந்த மரக்குச்சியால் லேசாகத் தட்டுங்கள். ஒளி அசையவே கூடாது. அசைந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

6. மின்னழுத்தத்தை அளவிடுங்கள்

ஒரே ஃபிட்டிங்கில் மட்டும் பல்பு போகிறது என்றால் மின்னழுத்தம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, ஏனெனில் உயர் மின்னழுத்தம் வீடு முழுவதையும் தாக்கும். ஆயினும் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. நடு இரவில், எல்லோரும் மின்சாரம் குறைவாகப் பயன்படுத்தும் நேரத்தில்தான் மின்னழுத்தம் உயரும். அந்த நேரத்தில் எரிவது வாசல் விளக்கோ மாடிப்படி விளக்கோ மட்டும் என்றால், பொதுவான குறையே ஒரு ஃபிட்டிங்கின் குறையாகத் தோற்றமளிக்கும்.

அந்த விளக்கோடு ஒரே எம்.சி.பி.யில் உள்ள பிளக் பாயிண்டில் மூன்று நாள்கள் அளவிடுங்கள்: மாலையில், நள்ளிரவுக்குப் பின், சுற்றிலும் கூரைச் சூரியத் தகடுகள் உள்ள இடமாக இருந்தால் நண்பகலிலும். மீட்டரில் உச்ச அளவைப் பதிந்து வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பகலில் ஒருமுறை அளந்து, சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவதுதான் இங்கு வழக்கமான தவறு. இன்வெர்ட்டரில் விளக்கு எரியும் வீடாக இருந்தால் இன்வெர்ட்டர் ஓடும்போதும் அளக்க வேண்டும்; அதன் அலைவடிவம் சீராக இல்லாதபோது சாதாரண மீட்டர் தவறான எண்ணைக் காட்டும், உண்மையான ஆர்.எம்.எஸ். அளக்கும் மீட்டர் தேவைப்படும்.

230 வோல்ட் முறை உள்ள இடங்களை எடுத்துக்கொண்டால், பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம், அதாவது 207 முதல் 253 வோல்ட் வரை, பரவலாக ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை. ஆனால் எல்லைக்குள் இருப்பதாலேயே பல்புக்குத் தீங்கில்லை என்று கொள்ளக்கூடாது. இழை பல்பின் ஆயுள் மின்னழுத்தத்துக்கு மிகக் கூர்மையாகக் கட்டுப்படும்: ஐந்து விழுக்காடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், பத்து விழுக்காடு கூடினால் கால் பங்காகும். எல்.இ.டி.யில் இது உட்சுற்றைப் பொறுத்தது. மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் சுற்று உள்ள பல்பு 250 வோல்டையும் பொருட்படுத்தாது. கெப்பாசிட்டரை மட்டும் நம்பிய மலிவான சுற்றில் மின்னழுத்தம் கூடக்கூட சில்லுகளின் மின்னோட்டமும் கூடும். நீங்கள் அளந்த உச்ச அளவைவிட உயர்ந்த மேல் எல்லை அச்சிட்ட பல்பைத் தேர்ந்தெடுப்பதே இதற்கு எளிய தீர்வு.

மோட்டாரோ ஹீட்டரோ ஓடத் தொடங்கும்போது சில விளக்குகள் மங்கி, வேறு சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பிரகாசமாகின்றனவா என்பதையும் கவனியுங்கள். மங்குவது மட்டும் இயல்பாக இருக்கலாம், பிரகாசமாவது இயல்பல்ல. மூன்று ஃபேஸ் இணைப்பில் பொது நியூட்ரல் தளர்ந்திருக்கும்போது இவ்வாறு நிகழும். அப்போது மின்னழுத்தம் 300 வோல்டையும் தாண்டக்கூடும். இதைக் கண்டால் இந்த வழிகாட்டியை அங்கேயே நிறுத்தி, மெயினை அணைத்து, உரிமம் பெற்ற மின்பணியாளரையும் மின்வழங்கல் அலுவலகத்தையும் உடனே அழைக்க வேண்டும்.

7. வெப்பத்தைச் சோதியுங்கள்

ஹோல்டரும் மின்னழுத்தமும் சரியாக இருந்தால் மீதமிருப்பது வெப்பம். பல்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நன்றாக இயங்கும் எல்.இ.டி.யின் கழுத்தும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கலாம். ஒப்பீடுதான் உதவும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெப்ப உணரியின் நுனியைப் பல்பின் கழுத்தில் பிளாஸ்டிக் பகுதியின் மேல் வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டுங்கள். உலோக மூடியை அது தொடவே கூடாது. கண்ணாடி மூடியைப் பொருத்தி இரண்டு மணி நேரம் எரியவிட்டு அளவைக் குறியுங்கள். குளிர்ந்தபின், மூடியில்லாமல் அதையே செய்யுங்கள். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்புக் கருவி கண்ணாடியின் வெப்பத்தையே காட்டும், உள்ளிருக்கும் பல்பின் வெப்பத்தைக் காட்டாது.

எல்.இ.டி.யின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது நடைமுறை விதி. எனவே மூடியோடும் மூடியின்றியும் எடுத்த அளவுகளுக்கிடையே 20 டிகிரி வேறுபாடு இருந்தால், ஆயுள் கால் பங்காகிறது என்று கொள்ளலாம். உறையில் சுற்றுப்புற வெப்ப எல்லை அச்சிடப்பட்டிருந்தால், உணரியைப் பல்பின் அருகே காற்றில் தொங்கவிட்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஃபிட்டிங்கில் "அதிகபட்சம் 60 வாட்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, 15 வாட் எல்.இ.டி. எவ்வளவு பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எல்லை, இழை பல்பின் வெப்பத்திலிருந்து ஃபிட்டிங்கைக் காப்பதற்காக எழுதப்பட்டது. எல்.இ.டி.யைக் காப்பதற்கான எல்லை அது அல்ல. மூடிய சிறு கூட்டுக்குள் 15 வாட் எல்.இ.டி. ஃபிட்டிங்குக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் தான் மட்டும் வெந்து போகலாம்.

தீர்வாக, முதலில் வாட்டைக் குறையுங்கள், அல்லது மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று உறையில் தெளிவாக அச்சிட்ட பல்பைப் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் பதிந்த விளக்காக இருந்தால் அதன் முதுகின் மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சு கிடக்கிறதா என்று பாருங்கள். குளியலறையிலோ வெளியிலோ உள்ள ஃபிட்டிங்கில் காற்றோட்டத்துக்காகத் துளை போடக்கூடாது; தண்ணீர் உள்ளே போய்விடும்.

8. ஒரு மாடிப்படி விளக்கின் கணக்கு

கண்ணாடிக் குடுவையால் மூடிய மாடிப்படி விளக்கில் 12 வாட் எல்.இ.டி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை போகிறது என்று கொள்வோம். இரவு முழுவதும் எரியும் விளக்கு அது. போன பல்பை வேறு இடத்தில் போட்டாலும் எரியவில்லை. அதன் ஒரு ஈயப்புள்ளியில் சிறு கறுப்புக் குழி. கழுத்தோ சுற்றிலும் சீராகப் பழுப்பு. இரண்டு அடையாளங்களும் வெவ்வேறு காரணங்களைச் சுட்டுவதால், ஒன்றைக் கண்டதும் நின்றுவிடக் கூடாத நிலை இது.

ஹோல்டரைச் சோதித்தால் ஒரு முனை தாழ்ந்து நிற்கிறது. ஹோல்டரை மாற்றி, கம்பி நுனிகளைப் புதுப்பித்ததும் தட்டினால் வந்த சிமிட்டல் நின்றுவிடுகிறது. மின்னழுத்தம் மூன்று நாளில் 226 முதல் 244 வோல்ட் வரை. பல்பின் எல்லை 265 வோல்ட் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். வெப்பத்தை அளந்தால் மூடியோடு கழுத்தில் 88 டிகிரி, மூடியின்றி 66 டிகிரி. ஹோல்டரோடு வேலையை முடித்திருந்தால் சிமிட்டல் நின்றிருக்கும், ஆனால் பல்பு மறுபடியும் சீக்கிரமே போயிருக்கும்.

அதே குடுவைக்குள் மூடிய ஃபிட்டிங்குக்கான 7 வாட் பல்பைப் போட்டு அளந்தால் 67 டிகிரி. குடுவையைக் கழற்றாமலே திறந்த நிலையின் அளவு கிடைத்துவிட்டது. பல்பின் கழுத்தில் தேதியை எழுதி, பழைய பல்புகள் போன நான்கு மாதக் கெடுவைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டாமல் போனால், அந்தப் பல்பைக் கழற்றி மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.